குற்றாலச் சாரலும் குற்றச்சாட்டும்

மாணவர் எழுதிய கட்டுரையை உள்ளிட்டால், அது செயற்கை நுண்ணறிவு எழுதியதா என்பதைச் சதவீதக் கணக்கில் சொல்லும் மென்பொருள்கள் பள்ளிகளின் கதவைத் தட்டத் தொடங்கியுள்ளன. விற்பவர்கள் காட்டும் துல்லியக் கணக்கு யாருடைய பிள்ளைகளை வைத்துப் போடப்பட்டது என்பதே என் கேள்வி.

சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ நிறுவனமே இத்தகைய கருவி ஒன்றை 2023 ஜனவரியில் வெளியிட்டு, துல்லியம் போதவில்லை என்று அவ்வாண்டு ஜூலையில் விலக்கிக்கொண்டது. அதே ஆண்டு ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஏழு கருவிகளைச் சோதித்தனர். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் டோஃபெல் தேர்வுக்கு எழுதிய 91 கட்டுரைகளில், சராசரியாக 61 சதவீதத்தை அவை எந்திரத்தின் எழுத்து என்றன. அமெரிக்க எட்டாம் வகுப்பு மாணவர்களின் கட்டுரைகளையோ ஏறக்குறைய பிழையின்றி மனித எழுத்தாக ஏற்றுக்கொண்டன. அடுத்த சொல் எது என்பதை எவ்வளவு எளிதாக ஊகிக்க முடிகிறது என்பதே இக்கருவிகள் பலவற்றின் அடிப்படை அளவுகோல். குறைந்த சொற்களைக் கொண்டு, கற்றுக்கொடுத்த வாக்கிய அமைப்பிலேயே எழுதும் பிள்ளை இந்த அளவுகோலில் எந்திரமாகத் தெரிகிறது.

தென்காசியில் ஒரு மேல்நிலைப் பள்ளி இம்மென்பொருளை வாங்க எண்ணுகிறது என்று வைத்துக்கொள்வோம். மனிதர் எழுதியவை என்று ஐயமின்றித் தெரிந்த உள்ளூர்க் கட்டுரைகளின் கட்டு ஒன்றை அது முதலில் திரட்ட வேண்டும். சாட்ஜிபிடி வெளியான 2022 நவம்பர் 30-க்கு முன் எழுதப்பட்ட தேர்வு விடைத்தாள்களும் கட்டுரை ஏடுகளும் இருந்தால் அவை பொன். பள்ளி ஆண்டு மலர் மட்டும் வேண்டாம். அதில் ஆசிரியரின் திருத்தம் கலந்திருக்கும். பழைய தாள்கள் கிடைக்காவிட்டால், கைப்பேசியின்றி, ஆசிரியர் கண்காணிப்பில், 45 நிமிடம் தாளில் எழுதச் செய்யலாம். ஒரு மாணவரிடம் ஒரு கட்டுரை போதும். ஒருவரே பத்து எழுதினால் பத்துப் பேரைச் சோதித்ததாகாது. ஆங்கிலக் கட்டுரைகளையும் தமிழ்க் கட்டுரைகளையும் தனித்தனிக் கட்டாக வைக்க வேண்டும்.

தட்டச்சு செய்யும்போதுதான் பெரும்பாலும் சோதனை கெடும். கணினியின் தானியங்கித் திருத்தத்தை அணைத்துவிட்டு, எழுத்துப்பிழையும் ஒற்றுப்பிழையும் உள்ளபடியே ஏற வேண்டும். பிழை நீங்கிய பிரதி அந்தப் பிள்ளையின் எழுத்தன்று. மற்றொருவர் மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. பெயர்களை நீக்கிவிட வேண்டும். பதினெட்டு வயது நிரம்பாதோரின் தரவுக்குப் பெற்றோரின் ஒப்புதல் தேவை என்கிறது 2023-ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம்.

நம் ஊருக்கே உரிய சிக்கல் ஒன்றும் உண்டு. குற்றாலச் சுற்றுலா குறித்து எழுதச் சொன்னால், உரைநூலில் மனப்பாடம் செய்த அதே சாரலும் அதே ஐந்தருவியும் பல தாள்களில் வரும். எந்திரத்தின் உதவி துளியும் இல்லாத இக்கட்டுரைகள் எளிதில் மாட்டிக்கொள்ளக்கூடியவை. இவற்றைக் கட்டிலிருந்து நீக்கிவிடக் கூடாது. தனிக்குறி இட்டு வைத்தால், கருவி கண்டுபிடிப்பது எந்திரத்தையா மனப்பாடத்தையா என்பது விளங்கும்.

இனிக் கணக்குக்கு வருவோம். எடுத்துக்காட்டாக, தமிழ்வழி மாணவர் 60 பேர், ஆங்கிலவழி மாணவர் 60 பேர் எழுதிய 120 ஆங்கிலக் கட்டுரைகளில் ஆறின் மீது கருவி பழி சுமத்துகிறது என்போம். ஐந்து சதவீதம்தானே என்று தோன்றும். பிரித்துப் பார்த்தால் ஆறும் தமிழ்வழி மாணவருடையவை எனில், அவர்களுக்கு அது பத்து சதவீதம். அத்தகைய மாணவர் 450 பேர் ஆண்டுக்கு நான்கு கட்டுரை எழுதினால் 1,800 கட்டுரைகள். அனைத்தும் சொந்த எழுத்தே ஆனாலும் அவற்றில் 180 குற்றவாளிக் கூண்டில் நிற்கும். ஆங்கிலவழியில் ஒன்றுகூட மாட்டவில்லை என்பதாலும் நிம்மதி கொள்ள முடியாது. 60-இல் ஒன்றும் மாட்டாதபோது, உண்மையான பிழை விகிதம் மூன்றை அறுபதால் வகுத்து வரும் ஐந்து சதவீதம் வரை இருக்கலாம் என்பது புள்ளியியலில் வழங்கும் எளிய விதி. அதை ஒரு சதவீதத்துக்குள் உறுதிசெய்ய 300 கட்டுரைகள் வேண்டும். எத்தனை தவறு வந்தால் கருவியை மறுப்பது என்பதையும் சோதனைக்கு முன்பே எழுதி வைத்துவிட வேண்டும். முடிவைப் பார்த்தபின் வரம்பை நகர்த்தும் ஆசை எல்லோருக்கும் வரும்.

இந்தக் கட்டு சொல்வது பொய்ப்பழியின் அளவை மட்டுமே. எந்திரம் எழுதியதைக் கருவி பிடிக்கிறதா என்பதற்கு, அதே தலைப்புகளில் எந்திரத்தைக் கொண்டு எழுதிய வேறொரு கட்டு தேவை. மேலும், உள்ளிட்ட கட்டுரைகளை நிறுவனம் சேமித்து, தன் கருவியைப் பழக்கவும் பயன்படுத்தலாம். அப்போது அடுத்த முறை அதே கட்டு எளிதில் தேறிவிடும். ஆகவே திரட்டியதில் பாதியைத் தலைமையாசிரியர் அறையின் அலமாரியில் பூட்டி வைத்து, மென்பொருளின் புதிய பதிப்பு வரும்போது அதை வெளியே எடுக்கலாம்.