சராசரி மறைக்கும் ஆற்றல்

இரண்டு நீர்த்தொட்டிகளை ஒரு மெல்லிய கண்ணாடிக் குழாய் கிடைமட்டமாக இணைக்கிறது. குழாயின் உள்விட்டம் 2 மி.மீ., நீளம் 300 மி.மீ. அதன் இரு முனைகளும் நீரில் மூழ்கியுள்ளன. முதல் தொட்டியின் நீர்மட்டம் இரண்டாவதைவிட 148 மி.மீ. உயர்ந்திருக்குமாறு நிலைநிறுத்தப்பட்டுள்ளது. ஒரு நிமிடத்தில் ஏறத்தாழ 94 மி.லி. நீர் குழாயைக் கடக்கிறது. நீரின் வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸ். இந்த அளவுகளைக் கொண்டு நீரின் பாகியல் எண்ணைக் காண வேண்டும்.

பாய்ஸொய் வாய்பாட்டை அப்படியே பயன்படுத்தும் மாணவருக்குக் கிடைக்கும் விடை, நீரின் உண்மையான பாகியல் எண்ணைவிட 21 விழுக்காடு கூடுதலாக இருக்கும். அளவுகோலிலோ கடிகாரத்திலோ பிழை இல்லை. அந்த வாய்பாடு 148 மி.மீ. உயரம் முழுவதையும் உராய்வின் கணக்கில் எழுதிவிடுகிறது; பிழை அங்கேதான் நேர்கிறது. நீர் குழாயைவிட்டு ஓய்வாக வெளியேறுவதில்லை. விரைவுடன் வெளியேறி, அடுத்த தொட்டியின் நீரில் சுழித்துக் கலந்து, தன் இயக்க ஆற்றலை இழக்கிறது. அந்த ஆற்றலை அளித்ததும் அதே 148 மி.மீ. உயரமே.

இதை உணர்ந்த மற்றொரு மாணவர் சராசரித் திசைவேகத்தைக் கணக்கிடுகிறார். குழாயின் குறுக்குவெட்டுப் பரப்பால் ஓட்ட வீதத்தை வகுக்க, V = 0.5 மீ/வி எனக் கிடைக்கிறது. இதற்குரிய இயக்க ஆற்றலை நீர்மட்ட உயரமாக எழுதினால் V²/2g, அதாவது 12.7 மி.மீ. இதைக் கழித்த பின்னரும் விடை பத்து விழுக்காட்டிற்கும் மேல் மிகையாகவே நிற்கிறது. பிழை ஏறத்தாழப் பாதிதான் நீங்கியது. மீதிப் பாதி எங்கே ஒளிந்திருக்கிறது?

அது ‘சராசரி’ என்னும் சொல்லுக்குள் ஒளிந்திருக்கிறது. இக்குழாயில் ரெனால்டு எண் ஏறத்தாழ 1000. எனவே ஓட்டம் வரிச்சீரானது. சுவரைத் தொட்டிருக்கும் நீர் நகர்வதில்லை. மையத்திலுள்ள நீர் சராசரியைப் போல் இருமடங்கு விரைகிறது. இடையில் திசைவேகம் பரவளைய வடிவில் மாறுகிறது. மையத்திலிருந்து r தொலைவில் அதன் மதிப்பு:

u = 2V(1 − r²/R²)

இங்கு R என்பது குழாயின் ஆரம். இனி, குறுக்குவெட்டைச் சமப் பரப்புடைய நான்கு பகுதிகளாகப் பிரிப்போம்: நடுவில் ஒரு வட்டம், அதைச் சூழ்ந்து மூன்று வளையங்கள். மையத்திலிருந்து வெளிநோக்கி இப்பகுதிகளின் சராசரித் திசைவேகங்கள் முறையே 1.75V, 1.25V, 0.75V, 0.25V. நான்கின் சராசரி சரியாக V. ஓட்ட வீதத்தைப் பொறுத்தவரை குறையொன்றும் இல்லை.

ஆற்றலின் கணக்கு வேறு. ஒரு வளையத்தின் வழியே ஒரு நொடியில் செல்லும் நீரின் நிறை அதன் திசைவேகத்திற்கு நேர்விகிதத்தில் இருக்கும். அந்த நீரின் ஒவ்வொரு கிலோகிராமும் சுமக்கும் இயக்க ஆற்றல் u²/2. ஆகவே ஒரு நொடியில் கடத்தப்படும் இயக்க ஆற்றல் u³-க்கு நேர்விகிதத்தில் அமைகிறது. விரைவான நீர் இருவகையில் முந்துகிறது: மிகுதியாகவும் வருகிறது, மிகுந்த ஆற்றலையும் சுமந்து வருகிறது. மேற்கண்ட நான்கு எண்களையும் மும்மடிக்கு உயர்த்தினால் 5.36, 1.95, 0.42, 0.02 கிடைக்கும். அவற்றின் சராசரி 1.94. நீர் முழுவதும் V என்னும் ஒரே வேகத்தில் சென்றிருந்தால் அது 1 ஆகவே இருந்திருக்கும். நடுவட்டம் மட்டுமே ஆற்றலில் மூன்றில் இரண்டு பங்கிற்கு மேல் கொண்டுசெல்வதையும், புற வளையம் ஏறத்தாழ ஒன்றுமே கொண்டுசெல்லாததையும் காண்க.

பகுதிகளை மேன்மேலும் நுணுக்கமாக்கினால் 1.94 என்பது 2-ஐ நெருங்கும். r²/R² = s எனக் கொண்டால், சமமான s இடைவெளிகள் சமமான பரப்புகளைக் குறிக்கும். எனவே தொகையீடு எளிதாகிறது:

α = ∫₀¹ [2(1 − s)]³ ds = 8 × ¼ = 2

இந்த α-வே இயக்க ஆற்றல் திருத்தக் காரணி எனப்படுகிறது. பிரெஞ்சு அறிஞர் கொரியோலிஸ் 1836-இல் இத்தகைய ஒரு காரணியை நீரோட்டக் கணக்குகளில் புகுத்தினார். பெயரில் ‘திருத்தம்’ என்று இருந்தாலும் இது பட்டறிவால் ஒட்டவைத்த எண்ணன்று. மும்மடிகளின் சராசரிக்கும் சராசரியின் மும்மடிக்கும் உள்ள விகிதமே இது. அதனால் ஒருபோதும் 1-ஐவிடக் குறையாது.

ஆற்றல் சமன்பாடு இப்போது பின்வருமாறு அமைகிறது:

p₁/ρg + α₁V₁²/2g + z₁ = p₂/ρg + α₂V₂²/2g + z₂ + h

இதில் h உராய்வால் இழக்கப்படும் உயரம். முதல் தொட்டியின் நீர்ப்பரப்பிலிருந்து குழாயின் வெளிமுனை வரை இதைப் பொருத்தினால், நீர்மட்ட வேறுபாடு 148 மி.மீ. இரண்டாகப் பிரிகிறது. இயக்க ஆற்றலுக்கு 2 × 12.7 = 25.4 மி.மீ. போக, உராய்வுக்கு எஞ்சுவது 122.6 மி.மீ. இந்த உயரத்தைப் பாய்ஸொய் வாய்பாட்டில் இட்டால், பாகியல் எண் 20 டிகிரி செல்சியஸில் நீருக்குரிய மதிப்பான 1.00 × 10⁻³ பாஸ்கல் நொடியோடு பொருந்துகிறது.

இத்தகைய பிழை இருப்பதை விடை தெரியாமலேயே கண்டறியலாம். நீர்மட்ட வேறுபாட்டை மாற்றி மாற்றி ஓட்ட வீதத்தை அளந்து, H/Q மதிப்புகளை Q-வுக்கு எதிராக வரைபடமாக்க வேண்டும். உராய்வு மட்டுமே இருந்தால் கோடு கிடைமட்டமாக இருக்கும். இயக்க ஆற்றலின் பங்கு இருந்தால் கோடு மேல்நோக்கிச் சாயும். அந்தச் சாய்வு α-வின் விளைவு. செங்குத்து அச்சில் கோடு வெட்டும் இடமே உண்மையான உராய்வைக் காட்டும். செருமானியப் பொறியாளர் ஹேகன் 1839-இல் வெளியிட்ட ஆய்வில், பித்தளைக் குழாய்களில் தேவைப்படும் உயரம் ஓட்ட வீதத்தைச் சார்ந்த ஓர் உறுப்பும் அதன் இருமடியைச் சார்ந்த ஓர் உறுப்பும் சேர்ந்தது எனக் கண்டிருந்தார். இரண்டாவது உறுப்பு நீரை இயங்கச் செய்யச் செலவாவது என்பதும் அவருக்கு விளங்கியிருந்தது.

நுண்ணிய அளவீட்டில் இன்னொரு சிறு திருத்தமும் தேவைப்படும். குழாயின் வாயில் நுழையும்போது நீர் ஏறத்தாழ ஒரே வேகத்தில் இருக்கும். அங்கு α-வின் மதிப்பு 1-ஐ ஒட்டியது. பரவளைய வடிவம் முழுமையாக உருவாக 0.06 × ரெனால்டு எண் × விட்டம் என்னும் தொலைவு வேண்டும். இக்குழாயில் அது 120 மி.மீ. அத்தொலைவில் சுவரருகே உராய்வு சற்று மிகுவதால் மேலும் சில மி.மீ. உயரம் செலவாகும். மேலே கண்ட எண்கள் அதைச் சேர்க்காதவை. குழாய் மிகக் குறுகியதாக இருந்து பரவளையம் உருவாகவே இல்லையெனில், α = 2 எனக் கொள்வதும் தவறாகும்.

அப்படியானால் பல கணக்குகளில் α ஏன் கண்ணில் படுவதே இல்லை? நகரக் குடிநீர்க் குழாய்களில் ஓட்டம் பெரும்பாலும் சுழற்சி ஓட்டமாகவே இருக்கும். அங்கு வேகங்கள் ஒன்றோடொன்று கலந்து சமப்படுவதால் α ஏறத்தாழ 1.05, அதை 1 என எழுதினால் குற்றமில்லை. நெடிய, சீரான குழாயின் இடைப்பட்ட இரு வெட்டுகளை மட்டும் ஒப்பிட்டால், வரிச்சீர் ஓட்டத்திலும் இருபுறமும் ஒரே α வந்து நீங்கிவிடும். வரிச்சீர் ஓட்டத்தில் இயக்க ஆற்றல் உறுப்புக்கும் உராய்வு உறுப்புக்கும் உள்ள விகிதம்:

Re × d / 32L

இங்கு Re ரெனால்டு எண், d விட்டம், L நீளம். நம் குழாய்க்கு இது 1000 × 2 / (32 × 300), அதாவது ஏறத்தாழ 0.21. முதல் மாணவரின் விடையில் மிகுந்து நின்ற 21 விழுக்காடு இதுவே. அதே குழாயை 6 மீட்டர் நீளத்தில் எடுத்து அதே வேகத்தில் நீரைச் செலுத்தினால், விகிதம் ஒரு விழுக்காட்டளவிற்குக் குறைந்துவிடும்.