போதிகை காட்டும் காலம்

அண்மையில் தஞ்சைப் பெருங்கோயிலுக்குச் சென்று வந்த நண்பர் ஒருவர் தாம் எடுத்த நிழற்படத்தை எமக்குக் காட்டினார். நுண்ணிய வேலைப்பாடமைந்த சிறுகோயில் ஒன்றின் சுவர் அதிற் காணப்பட்டது. 'இராசராசன் திருப்பணி' எனப் படத்தின் பின்புறம் எழுதியிருந்தார். இக்கூற்றுப் பொருந்துமா என ஆராய்வாம்.

இத்தகைய படத்தில் நாம் முதற்கண் நோக்குதற்குரியது போதிகையே. தூணின் தலைமேல் அமர்ந்து உத்திரத்தைத் தாங்கும் உறுப்பு அது. சிற்பங்களின் அழகு நம்மை மயக்கும். போதிகையின் வடிவோ காலந்தோறும் ஒரு முறைப்பட மாறி வந்துள்ளது. இம்மாற்றத்தை ழூவோ துப்ராய் 1914இல் வெளியிட்ட தம் நூலில் விளக்கினார்.

பல்லவர் போதிகை வளைந்த விளிம்பும், அலைபோன்ற வரிகளும், நடுவே ஒரு பட்டையும் உடையது. சோழர் காலத்தில் அவ்வளைவு மறைந்து, கீழ்முகம் சாய்வாக வெட்டப்பெற்றது. அதன் நடுவிலிருந்து கட்டைபோன்ற ஒரு பகுதி முன்னோக்கி நீண்டது. பின்னர் அந்நீட்சியே படிப்படியாக மலர்வடிவு பெறலாயிற்று. விசயநகரர் காலத்தில் தாமரை மொட்டாகக் கீழ்நோக்கித் தொங்கிற்று. நாயக்கர் காலத்தில் அத்தொங்கல் மேலும் நீண்டு, வாழைப்பூவை ஒத்தது.

இனி நண்பரின் படத்தை நோக்குவாம். அரைத்தூண்கள் மெலிந்து நெடியன. போதிகைகளிலோ மொட்டுக்கள் தொங்குகின்றன. அதே திருமுற்றத்தில் உள்ள பெரிய விமானத்தின் போதிகைகள் சாய்வெட்டுடைய சோழர் அமைப்பின. இராசராசனின் 25ஆம் ஆட்சியாண்டாகிய 1010இல் அவ்விமானத்துக்குக் குடம் அளிக்கப்பெற்றமை கல்வெட்டால் அறியப்படும். எனவே படத்திற் கண்டது இராசராசன் பணியன்று. நாயக்கர் காலத்ததாகிய முருகன் கோயிலே அது. இரண்டிற்கும் இடையே ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேல் உண்டு. ஒரு கோயிலின் பெயரைக் கொண்டு அதன் எல்லாப் பகுதிக்கும் ஒரே காலம் கூறுதல் பிழை என்பது இதனால் விளங்கும்.

எனினும் போதிகையொன்றையே முடிந்த சான்றாகக் கொள்ளுதல் ஆகாது. திருப்பணி செய்வோர் பழைய கற்களைப் பிரித்துப் புதிய சுவரில் மீண்டும் வைத்தலுண்டு; பழைய வடிவைப் பின்னாளில் அவ்வாறே செதுக்கலும் உண்டு. ஒரு வரிசையில் ஒன்றிரண்டு போதிகைகள் மட்டும் வேறுபடின், அல்லது கல்வெட்டு வரிகள் இடையில் அறுந்து தொடர்பின்றி நிற்பின், கற்கள் இடம் மாறியிருத்தல் கூடும் என ஐயுறல் வேண்டும். மேலும், நேர்முகமாக எடுத்த படத்தில் போதிகையின் முன்நீட்சி தட்டையாகத் தோன்றும். சற்றே பக்கவாட்டில் எடுத்த படத்திலேயே மொட்டும் கட்டையும் வேறுபாடு தெரியும்.

ஆதலின் வடிவு காட்டுவது ஏறத்தாழ ஒரு நூற்றாண்டளவான எல்லையே. ஆண்டைத் துணிதற்கு அச்சுவரிலேயே பொறித்த கல்வெட்டு வேண்டும். நண்பரும் தம் படத்தின் பின்குறிப்பைத் திருத்திக் கொண்டார்.