காது தூக்கலாகத் தெரியும் படத்தில் எதைத் தொடலாம்?

கல்யாணத்துக்கு முதல் நாள் ஒட்ட முடிவெட்டிக்கொண்ட மாப்பிள்ளை, நேராக கேமராவைப் பார்த்து நிற்கிறார். ஆல்பத்துக்கு வந்த படத்தில் கண்ணுக்கு முன்னால் காதுதான் தெரிகிறது. “லேசா உள்ள தள்ளிடுங்கண்ணே” என்கிறார். அந்த ‘லேசா’வில்தான் வேலையே இருக்கிறது.

பெரும்பாலும் விலகி நிற்பது காதின் மேல்பாதிதான். கீழ்மடல் தலையை ஒட்டித்தான் இருக்கும். அதனால் மடலை விட்டுவிட்டு மேல்விளிம்பை மட்டும் நகர்த்த வேண்டும். காதின் உயரத்தைக் குறைக்கவே கூடாது. நேர்ப்பார்வையில் காது ஏறக்குறைய புருவ மட்டத்தில் தொடங்கி மூக்கின் அடியில் முடியும். அந்த அளவு மாறினால், என்ன தப்பு என்று சொல்லத் தெரியாவிட்டாலும் இது நம்ம பையன் முகமில்லை என்று வீட்டார் கண்டுபிடித்துவிடுவார்கள்.

போட்டோஷாப்பில் பலர் நேரே Liquify திறந்து Forward Warp பிரஷால் காதைத் தள்ளுவார்கள். தள்ளினால் காதோடு கிருதாவும் கன்னமும் சேர்ந்து உள்ளே போகும். தலை முட்டை வடிவமாகிவிடும். ஆகவே முதலில் கன்னம், கிருதா, தாடை, பக்கவாட்டு முடி எல்லாவற்றையும் Freeze Mask போட்டுப் பூட்டிவிட வேண்டும். பிரஷ் காதின் பாதியைவிடப் பெரிதாகவும் அதன் அழுத்தம் குறைவாகவும் இருக்கட்டும். சின்ன பிரஷ் விளிம்பை அலையலையாக்கிவிடும்.

நம் மாப்பிள்ளைக்குப் பின்னால் மடிப்பு மடிப்பாகத் திரைச்சீலை தொங்குகிறது. காதை இழுத்தால் மடிப்பும் கூடவே வளையும். கைவைத்த படம் என்பதை முதலில் காட்டிக்கொடுப்பது இதுதான். எனவே இங்கே Liquify வேண்டாம். காதை மட்டும் தனி லேயரில் எடுத்துக்கொண்டு, அடியில் இருக்கும் பழைய காதை Clone Stamp கொண்டு திரைச்சீலையாகவே மாற்றிவிட வேண்டும். பிறகு மேல் லேயரில் Warp போட்டு, காது தலையோடு சேரும் ஓரம் அசையாமல் வெளிவிளிம்பை மட்டும் உள்ளே கொண்டுவரலாம். படத்தில் காதின் அகலம் 60 பிக்சல் என்றால் 48 வரை போகலாம். அதற்குமேல் போனால் பிசகும். ஒட்டிய காதில் உட்குழிவு கொஞ்சம்தான் தெரியும். விலகிய காதில் முழுக் குழிவும் முன்னால் திரும்பியிருக்கும். அதை அகலத்தில் மட்டும் நசுக்கினால் மடித்த காகிதம் போலாகிவிடும். கண்ணாடி போட்டவராக இருந்தால் அதன் காம்பு வளைகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

இவ்வளவும் செய்யாமலேயே பாதிக் குறை போய்விடுவதும் உண்டு. பின்னாலிருந்து வெளிச்சம் பட்டால் காது சிவந்து ஒளிரும். கண் அங்கேதான் ஓடும். அந்தச் சிவப்பைக் கொஞ்சம் குறைத்து, காதைக் கன்னத்தைவிட ஒரு சாயல் இருட்டாக்கினால் போதும். நான் முதலில் செய்து பார்ப்பது இதைத்தான்.

இதெல்லாம் ஆல்பத்துக்கு மட்டும். பாஸ்போர்ட் படத்தில் முக அமைப்பைத் திருத்துவதற்கு அனுமதி கிடையாது.