கிரயப் பத்திரத்தில் நாமே படித்தறியக் கூடியதும், வக்கீலிடம் கேட்க வேண்டியதும்

பக்கத்துக் காட்டை விலைக்கு வாங்க எண்ணிய விவசாயி ஒருவருக்கு, நில உரிமையாளர் தம்முடைய 2003-ஆம் ஆண்டுக் கிரயப் பத்திரத்தை ஸ்கேன் செய்து செல்போனில் அனுப்பிவைத்தார். கிராமங்களில் இன்று இது வழக்கமாகிவிட்டது. இப்படி வரும் பத்திரத்தைப் பயந்து ஒதுக்கவும் வேண்டாம். அதில் எழுதியிருப்பதை எல்லாம் அப்படியே நம்பிவிடவும் வேண்டாம்.

முதலில் தாள்களை எண்ண வேண்டும். பதிவான பத்திரத்தின் தாள்களில் ஆவண எண், ஆண்டு, மொத்தத் தாள்கள், இது எத்தனையாவது தாள் என்ற சார்பதிவாளர் அலுவலகக் குறிப்பு இருக்கும். பெரும்பாலும் அது பின்பக்கத்தில் இருப்பதால் இரு பக்கங்களையும் அனுப்பச் சொல்ல வேண்டும். தாள் குறைந்தாலோ, எழுத்து மங்கினாலோ, ஆவண எண்ணைக் கொடுத்துப் பதிவுத் துறையில் சான்றிட்ட நகல் பெறலாம்.

சொத்து விவரம்

அடுத்து, கடைசிப் பகுதியில் உள்ள சொத்து விவரத்தைப் படிக்க வேண்டும். விற்கப்பட்டது எது என்பது இங்கேதான் இருக்கிறது. மேற்படி பத்திரத்தில் புல எண் 112/2பி, புன்செய் 1 ஏக்கர் 20 சென்ட் என்றும், நான்கு மால்களும், மாமூல் வண்டித்தடப் பாத்தியமும், 112/2ஏ-யில் உள்ள கிணற்றில் மூன்றில் ஒரு பங்கும் எழுதப்பட்டிருந்தன.

பட்டாவில் இதே நிலம் 0.44.50 ஹெக்டேர் என்று இருந்தது. அதாவது 44.50 ஏர். ஒரு ஏர் என்பது ஏறத்தாழ 2.47 சென்ட். பெருக்கிப் பார்த்தால் 110 சென்ட்தான் வருகிறது. பத்திரத்தைவிட 10 சென்ட் குறைவு. இதைக் கண்டுபிடிக்க வக்கீல் தேவையில்லை. நிலத்தில் உண்மையில் எவ்வளவு இருக்கிறது என்பதை சர்வேயர் அளந்து சொல்வார். ஆனால் பத்திர அளவு செல்லுமா, நான்கு மால் செல்லுமா என்பது சட்டக் கேள்வி. எல்லைகள் தெளிவாக இருந்தால் பொதுவாக அவற்றுக்கே முதன்மை தரப்படும் என்றாலும், எல்லா வழக்கிலும் அப்படி அல்ல.

கிணற்றுப் பங்கையும் கவனிக்க வேண்டும். கிணறு இருப்பது வேறு புல எண்ணில். வில்லங்கச் சான்றை 112/2பி-க்கு மட்டும் போட்டால் கிணற்றின் சங்கதி தெரியாது. 112/2ஏ-க்கும் சேர்த்துப் போட வேண்டும். மோட்டாரின் மின் இணைப்பு எண்ணும், அது யார் பெயரில் உள்ளது என்பதும் பத்திரத்தில் உண்டா என்று பார்க்க வேண்டும். கிணறு இல்லாத காடு வெறும் மானாவாரிதான்.

பாத்தியம் வந்த வழி

பத்திரத்தின் நடுப்பகுதியில், விற்றவருக்குச் சொத்து எப்படி வந்தது என்று சொல்லப்பட்டிருக்கும். இதில் இருந்த வாசகத்தின் பொருள் எளிமையானது. தகப்பனார் 1971-இல் சுயசம்பாத்தியத்தில் வாங்கிய நிலம். அவர் 1994-இல் காலமானார். தாயாரும் இரண்டு மகன்களும் 2003-இல் விற்றார்கள். "எங்கள் சகோதரிக்குத் திருமணச் சீர் செய்துவிட்டபடியால் அவருக்குப் பாத்தியமில்லை" என்று ஒரு வரி. சகோதரியின் கையெழுத்து இல்லை.

இந்த ஒரு வரியில்தான் சிக்கல் இருக்கிறது. 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்தவரின் சுயசம்பாத்தியச் சொத்தில் மனைவி, மகன், மகள் அனைவருக்கும் சமபங்கு. இறந்தவரின் தாயார் உயிரோடு இல்லாத இக்குடும்பத்தில் பங்குகள் நான்கு. சகோதரியின் பங்கு கால்பாகம். 1 ஏக்கர் 20 சென்டில் 30 சென்ட். சீர் செய்ததாக மற்றவர்கள் எழுதிக்கொள்வதால் மட்டும் அது போய்விடாது. பட்டா மாறியிருப்பதாலும் போய்விடாது.

அவர் விடுதலைப் பத்திரம் பதிவு செய்து கொடுத்தாரா, தகப்பனார் உயில் வைத்தாரா, இத்தனை ஆண்டு கழித்து அவரோ அவருடைய பிள்ளைகளோ பங்கு கேட்க முடியுமா என்பவை வக்கீல் தீர்மானிக்க வேண்டியவை. விற்றவர்களில் மைனர் பங்கு இருந்தாலும், பவர் பத்திரத்தின் பேரில் விற்றிருந்தாலும் அவ்வாறே.

"வில்லங்கம் ஏதுமில்லை, இருந்தால் முன்னின்று தீர்த்துக் கொடுப்போம்" என்ற வாசகத்தைக் கண்டு நிம்மதி அடையக் கூடாது. அது விற்றவர் கொடுத்த வாக்குறுதி; வில்லங்கம் இல்லை என்பதற்கு அத்தாட்சி அல்ல.

ஆகவே, முன்பணம் கொடுப்பதற்கு முன், பத்திரத்தின் எல்லாத் தாள்கள், 1971-ஆம் ஆண்டு மூலப்பத்திரம், அந்த ஆண்டு முதல் இரு புல எண்களுக்கும் வில்லங்கச் சான்று, தகப்பனாரின் வாரிசுச் சான்று ஆகியவற்றுடன் வக்கீலிடம் செல்ல வேண்டும். "பத்திரம் சரியா?" என்று பொதுவாகக் கேட்பதைவிட, "கையெழுத்துப் போடாத இந்தச் சகோதரியின் கால் பங்கு என்ன ஆயிற்று?" என்று கேட்டால் உரிய பதில் கிடைக்கும்.