பகுதி நேரக் கணக்கர் தேவை: அறிவிப்புக்குப் பின்னால் உள்ள கணக்கு

பகுதி நேரக் கணக்கர் கேட்டுச் சிறு நிறுவனங்கள் அனுப்பும் செய்தி பெரும்பாலும் நான்கு வரிதான். 'டாலி, ஜிஎஸ்டி தெரிந்திருக்க வேண்டும். வாரம் இத்தனை மணி நேரம். மாதம் இவ்வளவு தருவோம்.' மாதத்துக்கு எத்தனை பில் வரும் என்பது மட்டும் அதில் இருக்காது. அது தெரியாமல் அந்த நேரம் போதுமா, அந்தத் தொகை நியாயமா என்று படிப்பவரால் சொல்ல முடியாது. உண்மையில் எழுதுபவருக்கும் தெரியாது.

கோயம்புத்தூர் கணபதிப் பகுதியில் பம்ப் உதிரிபாகம் செய்யும் ஒரு பட்டறையை எடுத்துக்காட்டாகக் கற்பனை செய்து கொள்ளலாம். உரிமையாளர் ஒருவர், ஒரே வங்கிக் கணக்கு, மாதாமாதம் ஜிஎஸ்டி தாக்கல். மாதத்துக்கு 150 விற்பனை பில், 60 கொள்முதல் பில், 45 சில்லறைச் செலவு, வங்கியில் 120 வரவு செலவு வரிகள்.

விற்பனை பில்லைப் பகுதி நேரக் கணக்கர் போட முடியாது. சரக்கு வண்டி கிளம்பும்போது பில் கையில் இருக்க வேண்டும். வெளிமாநிலத்துக்கு ரூ. 50,000-க்கு மேல் சரக்கு போனால் இ-வே பில்லும் வேண்டும். வாரம் இரண்டு நாள் வருபவருக்காக லாரி காத்து நிற்காது. ஆகவே பில் போடுவது பட்டறை ஆளின் வேலை, அதைச் சரிபார்ப்பதுதான் கணக்கரின் வேலை. இந்தப் பிரிவினையை அறிவிப்பிலேயே சொல்லாததால்தான் முதல் மாதத்திலேயே பல இடங்களில் மனக்கசப்பு வருகிறது.

இனி நேரம். கொள்முதல் பில்லில் வரி எண், பொருள், வரி விகிதம், வண்டி வாடகை எல்லாம் பார்த்துப் பதிய ஒன்றுக்கு ஐந்து நிமிடம் என்றால் 60 பில்லுக்கு 5 மணி நேரம். விற்பனை பில் சரிபார்ப்புக்கு இரண்டரை, சில்லறைச் செலவுக்கு ஒன்றரை, வங்கி வரிகளைப் பேரேட்டோடு பொருத்த 4. இதுவரை 13 மணி நேரம். கொள்முதல் வரியைச் சரிபார்க்க 3, இரண்டு படிவங்களைத் தயாரித்துத் தாக்கல் செய்ய 4, யார் எவ்வளவு பாக்கி என்ற பட்டியலுக்கு 2 சேர்த்தால் 22. காணாமல் போன பில்லைத் தேடுவதற்கென்று இரண்டு மணி நேரம் விட்டால் மாதத்துக்கு 24, அதாவது சராசரியாக வாரம் 6 மணி நேரம்.

ஆனால் இந்த 24 மணி நேரம் மாதம் முழுக்கச் சமமாகப் பரவாது. முந்தைய மாத விற்பனையைச் சொல்லும் GSTR-1 படிவத்துக்குக் கெடு 11-ஆம் தேதி. விற்றவர்கள் தாக்கல் செய்ததைத் திரட்டிக் கொள்முதல் வரிப் பட்டியலான GSTR-2B 14-ஆம் தேதி தளத்தில் வருகிறது. அதைப் பார்த்து, கட்ட வேண்டிய வரியைக் கணக்கிட்டு, GSTR-3B-ஐ 20-ஆம் தேதிக்குள் முடிக்க வேண்டும். எனவே 'வாரம் 6 மணி நேரம்' என்பதைவிட, 'மூன்று மணி நேரம் வீதம் மாதத்தில் எட்டு வருகை. முதல் வாரம் இரண்டு, இரண்டாம் வாரம் மூன்று, மூன்றாம் வாரம் இரண்டு, கடைசி வாரம் ஒன்று' என்று எழுதுவது மெய்யான நடைமுறைக்கு நெருக்கமானது. பத்துக் கடைகளுக்குக் கணக்குப் பார்ப்பவருக்கு எல்லாக் கடைக்கும் கெடு ஒரே நாளில்தான் வரும். அந்த நாட்களில் அவர் வர முடியுமா என்பதைச் சம்பளம் பேசும் முன்பே கேட்டுவிட வேண்டும்.

'டாலி தெரிந்தவர்' என்பதும் எதையும் சொல்லாத சொல். பதிவு போடத் தெரிந்தவரும் டாலி தெரிந்தவர்தான், வரித் தாக்கல் வரை தனியாக முடிப்பவரும் டாலி தெரிந்தவர்தான். தேவைப்படுவது என்ன என்பதை வேலையாகவே எழுதலாம்: டாலி பிரைமில் கொள்முதல், வங்கிப் பதிவுகள், எக்செல்லில் GSTR-2B-யோடு ஒப்பிடுவது, தளத்தில் இரண்டு படிவங்களைத் தாக்கல் செய்வது. நேர்காணலில் இரண்டு பில் கொடுத்தால் போதும். ராஜ்கோட்டிலிருந்து வந்த பில்லில் வரி எண் 24 என்று தொடங்கும். அது குஜராத், ஆகவே 18 சதவீதமும் ஐஜிஎஸ்டி. உள்ளூர் பில்லில் எண் 33 என்று தொடங்கும். 9 சதவீதம் மத்திய வரி, 9 சதவீதம் மாநில வரி. இதைத் தயங்காமல் பதிபவரிடம் அடுத்த கேள்வி: கையில் பில் இருக்கிறது, GSTR-2B-யில் அது இல்லை, என்ன செய்வீர்கள்? விற்றவர் தாக்கல் செய்யவில்லை, அவரைக் கேட்க வேண்டும், அதுவரை அந்த வரியைக் கழித்துக்கொள்ளக் கூடாது என்று பதில் வந்தால் ஆள் வேலை தெரிந்தவர்.

தொகைக்கு வருவோம். முழு நேரக் கணக்கருக்கு மாதம் ரூ. 20,000 என்று வைத்தால், 26 நாள், நாளுக்கு 8 மணி என்ற கணக்கில் மணிக்கு ஏறக்குறைய ரூ. 96 ஆகிறது. 24 மணி நேரத்துக்கு ரூ. 2,300. பல முதலாளிகள் இந்தக் கணக்கைத்தான் போடுகிறார்கள், பிறகு ஆள் நிற்கவில்லை என்கிறார்கள். எட்டு வருகைக்குப் போக வர ஒவ்வொரு மணி நேரம் சேர்த்தால் செலவாவது 32 மணி நேரம். மேற்பார்வை இல்லாமல் தாக்கல் வரை முடிப்பவர் மணிக்கு ரூ. 150 எதிர்பார்த்தால் அது மிகையல்ல. அப்படிப் பார்த்தால் ரூ. 4,800 வருகிறது, ரூ. 5,000 என்று எழுதலாம். பில் எண்ணிக்கை இருமடங்கானால் பதிவு நேரம் இருமடங்காகும், தாக்கல் நேரம் அவ்வளவு கூடாது. ஆகவே எந்த எண்ணிக்கையைத் தாண்டினால் தொகை மாறும் என்பதையும் முதலிலேயே பேசிக்கொள்வது நல்லது.

இத்தனையும் சேர்ந்தால் செய்தி இப்படி இருக்கும்:

'கணபதியில் பம்ப் உதிரிபாகப் பட்டறைக்குப் பகுதி நேரக் கணக்கர் தேவை. மாதம் 60 கொள்முதல் பில், 45 சில்லறைச் செலவு, ஒரு வங்கிக் கணக்கு. விற்பனை பில் 150, நாங்களே போடுவோம், சரிபார்க்க வேண்டும். டாலி பிரைம், எக்செல், GSTR-1, GSTR-3B தாக்கல் தெரிந்திருக்க வேண்டும். மாதம் எட்டு வருகை, ஒவ்வொன்றும் மூன்று மணி நேரம். 11, 20 தேதிகளுக்கு முந்தைய நாட்களில் கட்டாயம். மாதம் ரூ. 5,000. பழைய மூன்று மாதப் பதிவு நிலுவைக்குத் தனித் தொகை.'

கடைசி வரியை விட்டுவிடுவதுதான் வழக்கம். முந்தையவர் திடீரென நின்றதால்தான் புதியவரைத் தேடுகிறார்கள். அப்படியிருக்க நிலுவை இல்லாத பட்டறை அபூர்வம். அதை மாதத் தொகைக்குள் முடிக்கச் சொன்னால் நடப்பு மாத வேலை தள்ளிப்போகும். GSTR-3B தாமதமானால் நாளுக்கு ரூ. 50 தாமதக் கட்டணம், கட்டாத வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி. அறிவிப்பு உரிமையாளர் பெயருக்குத்தான் வரும், கணக்கர் பெயருக்கு அல்ல.

வேலை ஒழுங்காக நடக்கிறதா என்பதை உரிமையாளர் டாலியில் மூன்று இடங்களில் பார்க்கலாம். கணக்கில் உள்ள வங்கி இருப்பு வங்கி அறிக்கையோடு பொருந்த வேண்டும். வித்தியாசம் இருந்தால் எந்தக் காசோலையால் என்று சொல்லத் தெரிய வேண்டும். ரொக்க இருப்பு எந்த நாளிலும் கழித்தல் குறியில் நிற்கக் கூடாது. இல்லாத பணத்தை யாரும் செலவு செய்ய முடியாது, ஆகவே ஏதோ வரவு பதியப்படவில்லை. இனம் தெரியாத தொகைகளைத் தற்காலிகமாக வைக்கும் சஸ்பென்ஸ் கணக்கு மாதாமாதம் வளர்ந்தால், புரியாததை எல்லாம் அதில் தள்ளுகிறார்கள் என்று பொருள்.

தளத்தின் கடவுச்சொல்லும் பதிவான கைபேசி எண்ணும் உரிமையாளருடையதாகவே இருக்க வேண்டும். வசதிக்காகக் கணக்கரின் எண்ணைக் கொடுத்துவிட்டால், ஓடிபி அவருக்குப் போகும். அவர் விலகும் நாளில் தாக்கலும் நின்றுவிடும். டாலித் தரவும் பட்டறைக் கணினியிலேயே இருந்து, ஒவ்வொரு வருகையின் முடிவிலும் ஒரு நகல் உரிமையாளரின் பென் டிரைவுக்குப் போக வேண்டும்.