எந்தப் பன்னிரண்டு மணி?

திருச்சியிலிருந்து சென்னைக்கு ஒரு ரயில், 2025 நவம்பர் 15 சனிக்கிழமை 00:20 மணிக்குப் புறப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். பயணச்சீட்டில் 15-ஆம் தேதி என்று தெளிவாகவே இருக்கும். அதை நம்பி ஒருவர் சனிக்கிழமை இரவு சாப்பிட்டுவிட்டுப் பெட்டியோடு ஸ்டேஷனுக்குப் போனால், அவருடைய ரயில் போய் ஏறத்தாழ ஒரு நாள் ஆகியிருக்கும். வெள்ளிக்கிழமை இரவே அவர் நடைமேடையில் இருந்திருக்க வேண்டும். ரயில்வே எழுதியதில் பிழை இல்லை. அவரும் கவனக்குறைவானவர் அல்ல. நாள் எப்போது தொடங்குகிறது என்பதில் இருவருக்கும் இரண்டு கணக்கு, அவ்வளவுதான்.

அரசுக் காலண்டரில் நள்ளிரவு 12 மணிக்குத் தேதி மாறுகிறது. பஞ்சாங்கத்தில் நாள் என்பது ஒரு சூரிய உதயம் முதல் அடுத்த சூரிய உதயம் வரை. வெள்ளிக்கிழமை தூங்கப்போய் இரவு இரண்டு மணிக்கு விழித்துக்கொண்டவருக்கு அது இன்னும் வெள்ளிக்கிழமை ராத்திரிதான். பொழுது விடிந்தால்தான் சனிக்கிழமை. இந்த இரண்டு கணக்கும் மோதும் இடத்தை நம் பெரியவர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள். அதிகாலை முகூர்த்தத்துக்கு அழைப்பிதழ் எழுதும்போது, ‘வெள்ளிக்கிழமை பின்னிரவு, விடிந்தால் சனிக்கிழமை’ என்று இரண்டு கிழமையையும் சேர்த்து எழுதும் வழக்கம் அப்படித்தான் வந்திருக்க வேண்டும். படிப்பவர் எந்தக் கணக்கை நினைத்தாலும் சரியான நேரத்துக்கு மண்டபத்தில் இருப்பார். இதைவிடத் தெளிவான முறை எனக்குத் தெரியவில்லை.

கடிகாரம் இதோடு இன்னொரு சிக்கலையும் சேர்க்கிறது. ஏ.எம். என்பது நண்பகலுக்கு முன், பி.எம். என்பது நண்பகலுக்குப் பின் என்று பொருள்படும் லத்தீன் சொற்களின் சுருக்கம். அப்படியானால் சரியாக நண்பகல் 12 மணி எதில் சேரும்? முன்னும் இல்லை, பின்னும் இல்லை, அதுதானே நண்பகல்! நள்ளிரவோ ஒரு நண்பகலுக்கு 12 மணி நேரம் பின்னால், அடுத்த நண்பகலுக்கு 12 மணி நேரம் முன்னால் இருக்கிறது. இரண்டு பெயருமே அதற்குப் பொருந்தும்.

இந்தக் குழப்பம் நமக்கு மட்டுமல்ல. அமெரிக்க அரசு அச்சகத்தின் நடைக் கையேடு 2000-ஆம் ஆண்டுப் பதிப்பில் 12 ஏ.எம். என்றால் நண்பகல் என்றது. 2008-ஆம் ஆண்டுப் பதிப்பில் அதையே நள்ளிரவு என்று மாற்றியது. இன்று செல்போன்களும் டிஜிட்டல் கடிகாரங்களும் இந்தப் பிந்தைய முறையைத்தான் பின்பற்றுகின்றன. அதற்குக் காரணம் உண்டு. நண்பகல் தாண்டி ஒரு நிமிடம் ஆனாலே அது பிற்பகல், 12:01 பி.எம். என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது. 12:00-க்கு மட்டும் வேறு எழுத்துப் போட்டு, அடுத்த நிமிடமே மாற்றுவதைவிட, அந்த மணி முழுவதையும் பி.எம். என்று வைப்பது எளிது. ஆனாலும் 11-க்குப் பிறகு 12-இல் எழுத்து மாறுவது கண்ணுக்கு இயல்பாகப் படுவதில்லை. 12-க்குப் பிறகு எண் 1-க்குத் திரும்பும்போதுதான் மாற வேண்டும் என்று மனம் எதிர்பார்க்கிறது. பகல் 12 மணி மாத்திரைக்கு 12:00 AM என்று அலாரம் வைத்துவிட்டால், அது நடுராத்திரியில் அடிக்கும். மறுநாள் மதியம் மாத்திரை விட்டுப்போகும்.

பகல் பன்னிரண்டுக்குத் தீர்வு சுலபம். ‘நண்பகல் 12 மணி’ என்று எழுதினால் போதும், தேதி எதுவானாலும் குழப்பம் இல்லை. நள்ளிரவுக்கு அது போதாது. ‘விண்ணப்பிக்கக் கடைசி நேரம் 15-ஆம் தேதி நள்ளிரவு 12 மணி’ என்ற அறிவிப்பு, 15-ஆம் தேதி பிறக்கும் நொடியையும் குறிக்கலாம், முடியும் நொடியையும் குறிக்கலாம். இடையே முழுதாக 24 மணி நேரம். 2016 நவம்பர் 8 அன்று, அந்த இரவு 12 மணி முதல் 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று பிரதமர் தொலைக்காட்சியில் அறிவித்தார். அரசிதழ் அறிவிக்கையோ நள்ளிரவு என்ற பேச்சை எடுக்காமல், 2016 நவம்பர் 9 முதல் செல்லாது என்று தேதியை மட்டும் குறித்தது. சட்டத்துக்கு அந்த எழுத்துதான் பாதுகாப்பு.

ஆகவே கெடு குறிப்பவர் ஒரு நிமிடத்தை விட்டுக்கொடுத்து, ‘15 சனிக்கிழமை இரவு 11.59 வரை’ என்று எழுதலாம். தொடக்கத்தைக் குறிப்பவர் ‘16 ஞாயிறு 00:01 முதல்’ என்று எழுதலாம். பேருந்தோ ரயிலோ ஏற வேண்டியவருக்குச் செய்தி அனுப்பும்போது அழைப்பிதழ் முறையே மேல்: ‘14 வெள்ளி இரவு படுக்காமல் கிளம்ப வேண்டும், வண்டி 12.20-க்கு, அப்போது தேதி 15 சனி.’ நீளமாக இருந்தால் இருக்கட்டும். தெளிவில்லாத அறிவிப்பு நம் கைக்கு வந்தால், இரண்டில் முந்தைய நள்ளிரவையே கெடுவாக வைத்துக்கொண்டு, அதற்குள் எந்தக் கிழமை இரவு என்று கேட்டு உறுதிசெய்துகொள்ள வேண்டும். தேதியை மட்டும் கேட்டால் அதே பதில்தான் திரும்ப வரும்.