360 பாகைகளைப் பங்கிடும் முறை

ஒரு வகுப்பு மாணவர்கள் பள்ளிக்கு எவ்விதம் வந்து சேருகிறார்கள் என்று ஒவ்வொருவராக விசாரித்து, ஒரு விடைக்கு ஒரு கோடாகக் குறித்து, ஐந்தாவது கோட்டை முந்தைய நான்கின் மேல் குறுக்காக இழுத்து எண்ணி முடித்தால், நம் கையில் ஒரு நிகழ்வெண் பட்டியல் சேர்ந்துவிடுகிறது. அப்படிப்பட்ட பட்டியல் ஒன்றில், நடந்து வருவோர் 13 பேர், சைக்கிளில் வருவோர் 11 பேர், பஸ்ஸில் வருவோர் 9 பேர், வேனில் வருவோர் 5 பேர், பெற்றோரின் ஸ்கூட்டரில் வருவோர் 4 பேர், ஆக மொத்தம் 42 பேர் என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். இந்த ஐந்து எண்களை ஒரே வட்டத்தின் ஐந்து பாகங்களாக, கோணமானியைக் கொண்டு கையாலேயே பிரித்துக் காட்டுவதற்குத்தான் வட்ட விளக்கப்படம் வரைதல் என்று பெயர். ஸ்காட்லாந்தில் பிறந்த வில்லியம் பிளேஃபேர் என்பவர் 1801-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலொன்றில், துருக்கிய சாம்ராஜ்யத்தின் நிலப்பரப்பில் ஆசியா, ஐரோப்பா, ஆப்பிரிக்கா ஆகிய கண்டங்களில் அடங்கிய பாகங்கள் எவ்வளவு என்பதை ஒரு வட்டத்தைப் பிரித்துக் காட்டினார். நாம் இன்று வரையும் படத்துக்கு அதுவே முன்னோடி.

வட்டத்தின் மையத்தைச் சுற்றி 360 பாகைகள் உள்ளன. அவற்றை 42 மாணவர்களுக்கும் சமமாகப் பங்கிட்டால், தலைக்கு 8.57 பாகைக்குச் சற்று அதிகமாகக் கிடைக்கும். ஆகவே ஒவ்வொரு வகையின் நிகழ்வெண்ணையும் 360-ஆல் பெருக்கி 42-ஆல் வகுத்தால் அதன் மையக்கோணம் வந்துவிடும். நடப்போருக்கு 111.43, சைக்கிளுக்கு 94.29, பஸ்ஸுக்கு 77.14, வேனுக்கு 42.86, ஸ்கூட்டருக்கு 34.29 பாகைகள். பள்ளிக்கூடக் கோணமானியில் பாகைக்கு ஒரு கோடுதான் உண்டு. பின்னங்களை அதில் குறிக்க இயலாது. எனவே நாம் வழக்கப்படி அருகிலுள்ள முழு எண்ணுக்குத் திருத்தி 111, 94, 77, 43, 34 என்று எழுதிக்கொண்டு கூட்டிப் பார்த்தால், வருவது 359! ஒரு பாகை காணாமற் போய்விட்டது. கணக்கில் பிழை ஏதும் இல்லை. ஐந்து எண்களையும் தனித்தனியே திருத்தியபோது நான்கில் பின்னம் கழிந்ததும் ஒன்றில் மட்டும் கூடியதுமே இதற்குக் காரணம்.

இந்த இடத்தில் மாணவர் பலர் ஏதாவது ஒரு பாகத்தில் ஒரு பாகையைச் சேர்த்துச் சமாளிப்பது வழக்கம். அதைக் காட்டிலும் நேர்த்தியான உபாயம் ஒன்று உண்டு. கோணங்களைத் திருத்துவதற்குப் பதிலாக, எல்லைக் கோடுகள் விழவேண்டிய ஸ்தானங்களைத் திருத்த வேண்டும். அதாவது நிகழ்வெண்களை முதலில் கூட்டிக்கொண்டே செல்லவேண்டும்: 13, 24, 33, 38, 42. இந்தக் குவிவு நிகழ்வெண்களை 360-ஆல் பெருக்கி 42-ஆல் வகுத்தால் 111.43, 205.71, 282.86, 325.71, 360 என்று வரும். திருத்தினால் 111, 206, 283, 326, 360. கடைசி எண் எப்போதும் 360-ஆகவே முடியும். ஒவ்வொரு எல்லைக் கோடும் தன் உண்மையான ஸ்தானத்திலிருந்து அரைப் பாகைக்கு மேல் விலகாது.

சதவீதமாக மாற்றிக்கொண்டு, ஒரு சதவீதத்துக்கு 3.6 பாகை என்று பெருக்குவோரும் உண்டு. அந்தச் சதவீதத்தையும் முழு எண்ணாகத் திருத்திவிட்டால் அந்த வழி உதவாது. ஸ்கூட்டரில் வரும் 4 பேர் 9.52 சதவீதம், அதை 10 என்று எழுதினால் கோணம் 36 பாகையாகி, உண்மையைவிட 1.7 பாகை மிகுந்துவிடுகிறது. இந்தப் பட்டியலில் திருத்திய சதவீதங்கள் 31, 26, 21, 12, 10 என்று சரியாக 100-க்குக் கூடிவிடுவதால், பிழை இருப்பதே கண்ணுக்குத் தெரியாமல் மறைந்து போவதுதான் இதிலுள்ள அபாயம்.

இனி வரையும் காரியம். கவராயத்தை 6 சென்டிமீட்டருக்கு விரித்து வட்டம் போடுவது உசிதம். ஆரம் 5.73 சென்டிமீட்டர் இருக்கும்போது பரிதியில் ஒரு பாகை ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் நீளம் கொள்கிறது. வட்டம் அதைவிடச் சிறிதானால், அரை மில்லிமீட்டர் தடித்த பென்சில் கோடே அரைப் பாகையை விழுங்கிவிடும். தவிர, வட்டம் கோணமானியைவிடச் சற்றுப் பெரிதாக இருந்தால், கோணமானியின் விளிம்பில் வைக்கும் புள்ளி வட்டத்துக்குள்ளேயே விழுவதால், மையத்திலிருந்து அளவுகோலால் அதன் வழியாகப் பரிதிவரை கோட்டை நீட்டிக்கொள்ளலாம். பென்சிலைக் கூராகச் சீவிக்கொண்டு, கவராயத்தின் முள் குத்திய துளை வழியாக மேலிருந்து கீழாக ஒரு விட்டத்தை மெல்லியதாக இழுக்க வேண்டும். இதன் மேல் பாதியே தொடக்கக் கோடு; கீழ்ப் பாதி பிற்பாடு அழிக்கப்பட வேண்டியது.

கோணமானியின் மையக்குறியைத் துளையின் மேலும், சுழியக் கோட்டை விட்டத்தின் மேலும் பொருத்த வேண்டும். பிளாஸ்டிக் கோணமானி பலவற்றில் சுழியக் கோடு வேறு, கீழ் விளிம்பு வேறு. விளிம்பை வைத்து அளந்தால் எல்லாக் கோணங்களும் கெட்டுப்போகும். மையம் ஒரு மில்லிமீட்டர் விலகினாலும் ஒரு பாகை வரை பிழை நேரலாம். வளைவு வலப்பக்கம் இருக்கும்படி வைத்து, மேலே சுழியத்தில் தொடங்கும் எண்வரிசையில் 111-க்கு நேரே புள்ளி வைக்கிறோம். அடுத்தது 206; அரைவட்டக் கோணமானி 180-க்கு மேல் எட்டாது. எனவே வளைவை இடப்பக்கம் திருப்பி, கீழே சுழியத்தில் தொடங்கும் வரிசையில், 180-ஐக் கழித்த மீதியான 26-ஐக் குறிக்கிறோம். அவ்வாறே 283-க்கு 103, 326-க்கு 146. எல்லாக் கோணங்களும் ஒரே விட்டத்திலிருந்து அளக்கப்படுவதால், ஒரு கோட்டில் நேர்ந்த பிழை அடுத்த கோட்டுக்குத் தொற்றுவதில்லை. முந்தைய கோட்டிலிருந்தே அடுத்த கோணத்தை அளந்து செல்வோருக்கோ எல்லாப் பிழைகளும் சேர்ந்து கடைசிப் பாகத்தின் தலையில் விழக்கூடும்.

எண்வரிசையை மாற்றிப் படிப்பதே மிகவும் சகஜமான தவறு. 111 என்பது 69-ஆகிவிடும். 42-இல் 13 கால் பங்குக்கு மேல் என்பதால் அந்தப் பாகம் செங்கோணத்தைவிட விரிந்திருக்க வேண்டும். குறுகித் தெரிந்தால் அங்கேயே நிறுத்தி மறுபடி அளக்க வேண்டும். ஐந்து கோடுகளும் முடிந்தபின், இரண்டாவது எல்லையின் மேல் கோணமானியை வைத்து மூன்றாவது எல்லையை அளந்து பாருங்கள். 206-க்கும் 283-க்கும் இடையே 77 பாகை வரவேண்டும். 76-க்குக் குறைந்தாலும் 78-க்கு மிஞ்சினாலும் எங்கோ புள்ளி நகர்ந்திருக்கிறது.

எல்லாப் பட்டியல்களும் இந்தப் படத்துக்கு இசைவதில்லை. ஒரு மாணவன் சில நாள் சைக்கிளிலும் சில நாள் பஸ்ஸிலும் வந்து, இரண்டு வரிசையிலும் எண்ணப்பட்டிருந்தால், கூட்டுத்தொகை 42-ஐத் தாண்டிவிடும். அப்போது வட்டம் எதன் முழுமையையும் குறிக்காது. வகைகள் ஏழெட்டுக்கு மிஞ்சினாலும் பட்டை விளக்கப்படமே தெளிவானது. கோணங்களை ஒப்பிடுவதில் மனிதக் கண், பட்டைகளின் முனைகளைப் போல ஒரே அளவுகோலில் அமைந்த நிலைகளை ஒப்பிடுமளவு தேர்ந்ததல்ல என்பதை கிளீவ்லாண்ட், மெக்கில் என்னும் இரு அறிஞர்கள் 1984-இல் பரிசோதனை மூலம் காட்டினர். ஆதலால் ஒவ்வொரு பாகத்தின் உள்ளேயும் வகையின் பெயரோடு அதன் எண்ணிக்கையையும், படத்தின் கீழ் மொத்தம் 42 என்பதையும் எழுதிவிடுங்கள்.